அடைப்புக்குள் ஒளிந்துகொள்ளும் ஆறு

12x² + 42x − 54 என்ற கோவையைக் காரணிப்படுத்தச் சொல்லி ஒரு வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். பொதுக் காரணியை யாரும் கவனிக்காவிட்டால் நான்கு விதமான விடைகள் வர வாய்ப்பு உண்டு.

(2x + 9)(6x − 6)
(4x + 18)(3x − 3)
(6x + 27)(2x − 2)
(12x + 54)(x − 1)

எதையும் பெருக்கிச் சரிபார்க்கலாம். நான்குமே பழைய கோவையைத்தான் தரும், பெருக்கலில் எங்கும் பிழையில்லை. ஆனாலும் காரணிப்படுத்தும் வேலை எதிலும் முடியவில்லை. முடிந்திருந்தால் 6(2x + 9)(x − 1) என்று நிற்கும். நான்கு விடைகளிலும் அந்த 6 காணாமல் போகவில்லை, ஏதாவது ஓர் அடைப்புக்குள்ளோ இரண்டிலுமாகவோ புகுந்துகொண்டிருக்கிறது.

முதல் அடியிலேயே 6 வெளியே வந்திருந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 12, 42, 54 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 6. அதை எடுத்தால் 6(2x² + 7x − 9). இனி நடு உறுப்பைப் பிரிக்க வேண்டும். அதற்கு முதல் கெழுவையும் மாறிலியையும் பெருக்கினால் 2 × (−9) = −18. பெருக்கினால் −18-ம் கூட்டினால் 7-ம் வரும் இரண்டு எண்கள் தேவை. 18-ஐ இரண்டாகப் பிரிக்க மூன்றே வழிகள்தான்: 1 × 18, 2 × 9, 3 × 6. 9-ம் −2-ம் உடனே கண்ணில் படும்.

6-ஐ எடுக்காமல் இறங்கினால் பெருக்கவேண்டியது 12 × (−54), அதாவது −648. கூட்டுத்தொகை 42. 648-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதப் பத்து வழிகள் இருக்கின்றன: 1 × 648, 2 × 324, 3 × 216 என்று ஆரம்பித்து 24 × 27 வரை போகும். அவற்றுக்குள் 54-ம் 12-ம் எட்டாவது இடத்தில் உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிக்க முடியாதது இல்லை, ஆனால் தேடவேண்டியிருக்கும்.

தேவையான எண்கள் 9, −2 என்பதிலிருந்து 54, −12 என்று ஆறு மடங்காகத்தான் ஆகியிருக்கின்றன. அவற்றின் பெருக்கலோ 18-லிருந்து 648-க்கு, 36 மடங்காகத் தாவிவிட்டது. முதல் கெழுவில் ஒரு 6, மாறிலியில் ஒரு 6 இருப்பதால் பெருக்கும்போது 6-ன் வர்க்கம் உள்ளே வந்துவிடுகிறது. பொதுக் காரணி 10 என்றால் நாம் பிரிக்கவேண்டிய எண் 100 மடங்காகும். சூத்திரத்தில் போட்டாலும் இதே கதைதான்: தன்மைகாட்டி 4356 என்று வரும். 6-ஐ எடுத்துவிட்டால் அது 121. எதன் வர்க்கமூலம் மனதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, விடை ஏன் மிகச் சரியாக நான்கு விதமாக வந்தது? நடு உறுப்பைப் பிரித்த பின் 12x² + 54x − 12x − 54 என்று நிற்கும். முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து 6x வெளியே எடுத்தால் முதல் விடை வரும், 3x எடுத்தால் இரண்டாவது, 2x எடுத்தால் மூன்றாவது, வெறும் x எடுத்தால் நான்காவது. மாணவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் இதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது. 6 என்பது 2 × 3. இந்த இரண்டு பகா எண்களும் தனித்தனியே ஓர் அடைப்பைத் தேர்ந்தெடுத்துக் குடியேறுகின்றன. 2-க்கு இரண்டு இடம், 3-க்கு இரண்டு இடம், ஆக நான்கு.

ஒரு பகா எண் தன்னை இரண்டு அடைப்புகளுக்கும் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. காரணம் எளிது. (ax + b)(cx + d) என்பதைப் பெருக்கினால் கெழுக்கள் ac, ad + bc, bd. ஒரு பகா எண் p இந்த மூன்றையும் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ac-ஐ வகுப்பதால் அது a-யையோ c-யையோ வகுத்தாக வேண்டும், a என்றே எடுத்துக்கொள்வோம். b-யையும் வகுத்தால் முதல் அடைப்பு முழுவதும் p-யின் மடங்கு. b-யை வகுக்கவில்லை என்றால், bd-யை வகுப்பதால் d-யை வகுக்கும். ad-யை ஏற்கெனவே வகுப்பதால், நடுக் கெழுவில் மீதமுள்ள bc-யையும் வகுக்க வேண்டும், அதாவது c-யை. அப்புறம் இரண்டாவது அடைப்பு முழுவதும் p-யின் மடங்கு. வேறு வழியே இல்லை.

இதையே எந்தப் படிக்கும் பொருந்தும்படி 1801-ல் வெளியான தன் எண்கணித நூலில் காஸ் நிறுவியிருக்கிறார். காஸின் துணைத்தேற்றம் என்று இன்று சொல்கிறார்கள். இதில் நமக்கு ஒரு வசதி கிடைக்கிறது. பொது எண்ணை முதலிலேயே முழுவதுமாக எடுத்துவிட்டால், அடுத்து முழு எண் கெழுக்களோடு வரும் எந்த அடைப்பிலும் பொது எண் ஒளிந்திருக்க முடியாது. ஒளிந்திருந்தால் அது முழுக் கோவையையும் வகுத்திருக்க வேண்டுமே. எடுக்காமல் போனால், முடிவில் ஒவ்வோர் அடைப்பையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்க்க மறக்க வைப்பதில் 4x² − 36 கெட்டிக்காரத்தனமான கோவை. இரண்டும் வர்க்கம் என்று தெரிந்ததும் a² − b² முற்றொருமை கை தானாகப் போட்டுவிடும்: (2x − 6)(2x + 6). பார்க்க அழகாக முடிந்த விடை. ஆனால் ஒவ்வோர் அடைப்பிலும் ஒரு 2 இருக்கிறது, முழு விடை 4(x − 3)(x + 3). இதற்கு நேர்மாறானது 8x² − 50. 8-ம் வர்க்கமில்லை, 50-ம் வர்க்கமில்லை, எனவே காரணிப்படுத்த முடியாது என்று பலர் விட்டுவிடுவார்கள். 2-ஐ எடுத்தால் 2(4x² − 25). மறைந்திருந்த முற்றொருமை வெளியே வந்து 2(2x − 5)(2x + 5) ஆகிறது. முதலாவதில் வேலை முடிந்ததுபோல ஏமாற்றுகிறது, இரண்டாவதில் வேலையே இல்லாததுபோல. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம். அரைகுறை விடையைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், கைவிட்ட கணக்கைத் திருத்த ஏதுமில்லை.

இந்த அரைகுறை விடை எங்கே வலிக்கும்? விகிதமுறு கோவைகளைச் சுருக்கும்போது. (12x² + 42x − 54) / (6x + 27) என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதியை (2x + 9)(6x − 6) என்று எழுதியவர் கீழே இருக்கும் 6x + 27-ஐப் பார்த்து, மேலே அப்படி ஒன்றும் இல்லை, அடிக்க முடியாது என்று நிறுத்திவிடுவார். 6(2x + 9)(x − 1) மேலேயும் 3(2x + 9) கீழேயும் இருந்தால், x = −9/2 தவிர மற்ற இடங்களில் விடை 2(x − 1) என்பது பார்த்தவுடனே தெரியும்.

பொதுக் காரணி எண்ணாக மட்டும் இருக்கவேண்டும் என்பதில்லை. 6x³ + 9x² − 15x-ஐப் பார்த்து முப்படி என்று பயந்து தொகுமுறை வகுத்தலில் இறங்குபவர்கள் உண்டு. 3x-ஐ எடுத்தால் மிஞ்சுவது 2x² + 3x − 5 என்ற இருபடிதான், விடை 3x(2x + 5)(x − 1).

சமன்பாடு என்று வரும்போது எண்ணும் மாறியும் ஒன்றல்ல. 12x² + 42x − 54 = 0 என்றால் 6-ஆல் இருபுறமும் வகுத்து அதைத் தூக்கி எறியலாம், மூலங்கள் மாறாது, மேலே பார்த்த நான்கு அரைகுறை விடைகளும் x = 1, x = −9/2 என்றே சொல்லும். ஆனால் 6x³ + 9x² − 15x = 0 என்பதை 3x-ஆல் வகுத்துவிட்டால் x = 0 என்ற மூலம் அதோடு போய்விடும். மாறியை வெளியே எடுத்து அடைப்புக்கு முன்னால் நிறுத்திவைக்க வேண்டும், வகுத்து அழிக்கக் கூடாது.