நண்டு வளை எங்கே நிற்க வேண்டும்?

வாக்கியத்தில் முக்கியமான சொல் எங்கே நின்றால் எடுப்பாகத் தெரியும் என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய செய்தி வாக்கியம் இது:

“நண்டு வளையில் புகுந்த நீர் மண்ணை அரித்ததால்தான் மூன்று நாள் தொடர்ந்து பெய்த மழையில் நிரம்பியிருந்த ஏரியின் கரை அதிகாலையில் கசிந்தது என்று பொறியாளர்கள் தெரிவித்துள்ளனர்.”

19 சொற்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் படித்து முடித்ததும் காதில் நிற்பது ‘தெரிவித்துள்ளனர்’. புதுச் செய்தியான நண்டு வளையோ முதலிலேயே வந்து, மழைக்கும் ஏரிக்கும் பின்னால் மறைந்துவிட்டது.

இதற்குக் காரணம் நாம் படிக்கும் விதம். மார்செல் ஜஸ்ட், பட்ரீசியா கார்பென்டர் என்ற இரு உளவியலாளர்கள் படிப்பவர்களின் கண்ணசைவை அளந்து 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் கண் கூடுதல் நேரம் தங்குகிறது. அதுவரை படித்ததை மனம் அங்கேதான் கோத்து முடிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அப்படித் தங்கும் இடத்தில் ‘தெரிவித்துள்ளனர்’ இருந்தால், அந்தக் கவனம் வீண்தானே!

தமிழில் வினை கடைசியில் வருவதால் இது நமக்கு நிரந்தரச் சிக்கல். வழக்கமான வாக்கியத்தில் அழுத்தம் வினைக்குச் சற்று முன்னால் விழும். ‘ராணி கடையில் முட்டை வாங்கினாள்’ என்றால் முட்டை எடுப்பாகத் தெரியும். ‘முட்டையை ராணி கடையில் வாங்கினாள்’ என்றால் கடை. இன்னும் அழுத்தம் வேண்டுமா? வினையைப் பெயராக்கி முன்னே கொண்டுவந்தால் கடைசி இடம் காலியாகிவிடும்: ‘முட்டை வாங்கியது ராணி.’ பேச்சில் இதை நாள் முழுக்கச் செய்கிறோம். எழுத உட்கார்ந்ததும்தான் மறந்துவிடுகிறோம்.

சரி, ஏரிக்குத் திரும்புவோம்.

“மூன்று நாள் மழையில் ஏரி நிரம்பியிருந்தது. அதிகாலையில் கரை கசிந்தது. கசிந்த நீரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பொறியாளர்கள் கரையின் நீர்ப்பக்கம் வரை தேடிப் போனார்கள். அது தொடங்கிய இடம் ஒரு நண்டு வளை.”

மூன்றாவது வாக்கியம் 10 சொல், நான்காவது 6. தேடலை நீளமாகச் சொல்லி, கண்டதைச் சுருக்கமாகச் சொன்னதால் வளை பளிச்சென்று தெரிகிறது. நான்கும் ஒரே அளவில் இருந்திருந்தால் கடைசியும் மற்ற மூன்றைப் போலவே கடந்து போயிருக்கும்.

இந்த அமைப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. ‘முட்டை வாங்கியது ராணி’ என்பது, முட்டை வாங்கப்பட்டது ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே பொருந்தும். அதனால் எழுதியதும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: ‘யார்?’, ‘எது?’ என்ற கேள்வி அதற்கு முந்தைய வரியிலேயே வாசகர் மனதில் எழுந்திருக்குமா? எழாது என்றால் சாதாரண வாக்கியமே போதும். பத்தி முழுக்க ‘செய்தது இவர், கண்டது அது’ என்று போனால் விடுகதைப் புத்தகம் படிப்பதுபோல் ஆகிவிடும். ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் நான் வைப்பதில்லை.