ஐந்து குப்பி ரப்பர் பாலும் 2.776 என்ற எண்ணும்

குலசேகரம் அருகே ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் பாலில் உலர் ரப்பர் வழக்கமாக 37 சதவீதம் இருக்கும். இம்முறை ஐந்து மாதிரிகளில் 33, 36, 34, 38, 34 என்று வந்தது. சரிவு உண்மைதானா என்று பார்க்க, 1.96 கூடாது, 2.776-ஐ எடுங்கள் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். ஏன்?"

மகள் சொல்வது சரி. சராசரி 35, திட்ட விலக்கம் 2. அதை √5-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 0.894. சரிவான 2 சதவீதம் இதைப்போல 2.24 மடங்கு; எல்லையோடு ஒப்பிட வேண்டிய விகிதம் இதுதான். 1.96 எல்லையானால் சரிவு உறுதி, 2.776 எல்லையானால் உறுதி இல்லை.

1.96 இயல்நிலைப் பரவலின் எண்; மாற்றமே இல்லாதபோது விகிதம் அதைத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து முறைதான். தோட்டத்தின் உண்மையான திட்ட விலக்கம் தெரிந்திருந்தால்தான் அது பொருந்தும். நம் கையில் இருப்பதோ அதே ஐந்து குப்பிகளிலிருந்து கணித்த விலக்கம். அதுவும் மாதிரிக்கு மாதிரி மாறும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஐந்து மதிப்புகள் தற்செயலாக நெருங்கி விழுந்தால் விலக்கம் சிறுத்துவிடும், விலக்கம் வகுக்கும் எண் என்பதால் விகிதம் சட்டென்று ஊதிப்போகும். ஐந்து மாதிரிகளில் இது அபூர்வமும் அல்ல. நூற்றுக்கு ஒன்பது முறை, கணித்த விலக்கம் உண்மையானதில் பாதிகூட இராது. அப்போதெல்லாம் விகிதம் இரு மடங்குக்கு மேல் பெருகும். இப்படி ஊதிய விகிதங்கள் ஓரங்களில் போய்க் குவிவதால்தான், இந்த விகிதத்தின் பரவலான டி பரவலின் வால் தடிக்கிறது; 2.776 அந்தப் பரவலின் எண். அதைப் பொருட்படுத்தாமல் 1.96-ஐப் பிடித்துக்கொண்டால், சரிவே இல்லாத தோட்டத்திலும் நூற்றுக்கு ஐந்துக்குப் பதில் பன்னிரண்டு முறை மாற்றம் நேர்ந்ததாகச் சொல்லிவிடுவோம்.

டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட், சிறு மாதிரிகளோடு மல்லுக்கட்டித்தான் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இந்தப் பரவலை வெளியிட்டார்.

ஐந்து மாதிரிகளுக்கு டி பரவலின் அட்டவணையில் நான்காம் வரியைப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. சராசரியிலிருந்து விலகல்கள் -2, 1, -1, 3 என்று தெரிந்தால் ஐந்தாவது -1 ஆகத்தான் இருக்க வேண்டும். கூட்டுத்தொகை பூச்சியம் அல்லவா? கட்டின்றி மாறக்கூடியவை நான்கே. அந்த நான்குதான் கட்டின்மைப் படி. அது ஒன்றானால் எல்லை 12.706, நான்கில் 2.776, ஒன்பதில் 2.262, இருபத்தொன்பதில் 2.045. முதல் சில படிகளில்தான் பெரும் இறக்கம். ஆய்வுக்கு நிதி குறைந்தால் முதலில் மாதிரிகளை வெட்டும் வழக்கம் எனக்கு வருத்தம் தருவது இதனால்தான்.

வாசகர் இன்னும் ஐந்து மாதிரிகள் எடுக்கலாம். சராசரியும் விலக்கமும் இப்படியே நின்றால் விகிதம் 3.16 ஆகும்; 2.262-ஐத் தாண்டிவிடும். ஆனால் ஒரே மழைநாளில், ஒரே வாளியிலிருந்து ஐந்து குப்பி நிரப்பினால் எண்கள் ஒட்டிக்கொண்டு வரும், விலக்கம் பொய்யாகச் சிறுக்கும். அந்தப் பிழையை எந்த அட்டவணையாலும் திருத்த முடியாது. வெவ்வேறு நாள்களில், தோட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் எடுங்கள்.