பச்சை விளக்கை நம்பாதீர்கள்

மறுபடியும் அதே கதை. 5 கிலோவாட் கூரை சோலார், ஐந்தைந்தாக இரண்டு வரிசைப் பேனல்கள். ஒரு வரிசையின் இணைப்பான் கருகி, ஐந்து பேனல்கள் மாதக்கணக்கில் ஒன்றும் தரவில்லை. கேட்டால், "மழை மேகம்தான் சார். இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிகிறதே!"

தயவுசெய்து கேளுங்கள். மின்வாரிய லைனோடு இன்வெர்ட்டர் இணைந்திருக்கிறது என்பதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது. இன்று எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. பாதிப் பேனல்கள் செத்துப்போனாலும் மீதிப் பாதியே அதை எரிய வைத்துவிடும். கரண்ட் பில்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, ஏ.சி. ஓடிய கணக்கில் இந்த நஷ்டம் கரைந்துபோகும்.

"தினம் 20 யூனிட்" என்று ஓர் எண்ணை எழுதிவைத்து ஒப்பிடுவதும் உதவாது. அந்த வீட்டில் ஒரு நாள் 11 யூனிட் வந்தது. மேகமூட்டமான நாளில் அது சரியான அளவு. வெயில் கொளுத்திய நாளில் பாதி. ஆகவே அன்றைய வெயிலோடு ஒப்பிடுங்கள். ஓப்பன்-மீட்டியோ தளம் உங்கள் ஊரின் ஒரு நாள் வெயிலை `shortwave_radiation_sum` என்ற பெயரில், சதுர மீட்டருக்கு மெகாஜூலில், இலவசமாகத் தருகிறது. 3.6ஆல் வகுத்தால் யூனிட். அதை உங்கள் சோலாரின் கிலோவாட்டால், இங்கே 5ஆல், பெருக்குங்கள். வெப்பம், தூசு, கம்பி இழப்பு எல்லாவற்றுக்குமாக 0.75ஆலும் பெருக்குங்கள். விரிதாளில் B உங்கள் யூனிட், C அந்த வெயில், D விகிதம்:

```
D2: =B2/(5*C2/3.6*0.75)
E4: =IF(COUNTIF(D2:D4,"<0.8")=3,"பழுது?","")
```

வெயில் 20.5 என்றால் எதிர்பார்ப்பு 21.4 யூனிட், 11 வந்தால் விகிதம் 0.52. வெயில் 10.8 என்றால் எதிர்பார்ப்பு 11.25, அதே 11 யூனிட்டுக்கு விகிதம் 0.98, கவலை இல்லை.

மூன்று நாள் தொடர்ந்து 0.8க்குக் கீழே போனால் மட்டும் எச்சரிக்கை வருமாறு வைத்திருக்கிறேன். ஒரு நாள் வெயில் கணிப்பு பிசகலாம். பகலில் நெடுநேரம் கரண்ட் போன நாளை நீக்கிவிடுங்கள். லைன் போனால் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், அது பழுதல்ல. பேனல் புதிதாக இருந்த மாதங்களில் உங்கள் விகிதம் 0.9 என்றே இருந்திருந்தால், எல்லையையும் அதற்கேற்பக் குறையுங்கள். பேனல் அதிகச் சாய்வில் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

விகிதம் விழுந்த விதத்தையும் கவனியுங்கள். சட்டென்று பாதியானால் ஒரு வரிசை அறுந்திருக்கலாம். வாரக்கணக்கில் மெல்ல இறங்கி, ஒரு மழைக்குப் பின் ஏறினால் தூசுதான். காலையில் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

வரிசை அறுந்த சந்தேகம் வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். வெயில் அடிக்கும்போது பேனல் இணைப்பை நீங்களே பிடுங்காதீர்கள். நேர்மின்னோட்டப் பொறி எளிதில் அணையாது, கையைச் சுட்டுவிடும்.