திரையில் 15 இருக்கிறது, விடை மட்டும் ஏன் 14க்கு வருகிறது?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாட் வரி கணக்கிட ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். பழைய பயிற்சித் தாளைப் பார்த்து 14 சதவீதம் என்று போட்டுவிட்டேன். 2018லேயே அது 15 ஆகிவிட்டதே என்று மாற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. வந்த பிறகு எடிட்டரைத் திறந்தால் 15தான் இருக்கிறது. ஓட்டினால் 14க்கான விடை வருகிறது. கணினியை அணைத்துப் போட்டேன், பைத்தானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அப்படியும் பழைய விடைதான்."

அவர் அனுப்பிய நிரல் இது:

```python
vilai = 200
print(vilai * 15 / 100)
```

வரவேண்டியது `30.0`. டெர்மினலில் `python vat.py` என்று தட்டினால் வருவது `28.0`. காரணம், கோப்பு சேமிக்கப்படவில்லை. சேமித்தால் சரியாகிவிடும். ஆனால் கரண்ட் போய் வந்த பிறகும் 15 திரையில் இருந்ததே, அது எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள, அந்த 15 எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: நீங்கள் தட்டியது ரேமில் இருக்கிறது, சேமித்தால் டிஸ்க்குக்குப் போகும், பைத்தான் டிஸ்க்கிலிருந்து படிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சரி. ஏனென்றால் நீங்கள் Ctrl+S அழுத்திய அடுத்த நொடியிலும் புதிய எழுத்துகள் பெரும்பாலும் ரேமில் மட்டுமே இருக்கும். அப்படியிருந்தும் பைத்தானுக்கு அவை தெரிகின்றன. அப்படியானால் பிரிக்கும் கோடு ரேமுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தனியாக ஒரு முகவரி வெளியைத் தருகிறது. எடிட்டர் தன் 5000ஆவது முகவரியில் எழுதுவதும், பைத்தான் தன் 5000ஆவது முகவரியில் படிப்பதும் ரேமில் வெவ்வேறு இடங்கள். கெர்னலின் அனுமதி இல்லாமல் ஒன்றின் இடத்தை மற்றொன்று எட்டிப் பார்க்க வழியில்லை. ஒரு நிரல் தவறினால் மற்றவை கெடாமல் இருப்பதும், வங்கிக் கடவுச்சொல்லைப் பக்கத்தில் ஓடும் விளையாட்டு படித்துவிடாமல் இருப்பதும் இந்தத் தடுப்பால்தான். நீங்கள் தட்டிய 15 முதலில் போய் உட்காருவது எடிட்டரின் சொந்த இடத்தில். பைத்தானைப் பொறுத்தவரை அது இல்லாத ஒன்று.

அப்படியானால் இரண்டும் சந்திப்பது எங்கே? கெர்னலிடம்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் இதுதான். கோப்பிலிருந்து எதையாவது யாராவது கேட்டால் கெர்னல் ஒவ்வொரு முறையும் டிஸ்க்குக்கு ஓடுவதில்லை. கோப்பின் பகுதிகளைத் தன் பொறுப்பிலுள்ள ரேமில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் பொதுவாக 4096 பைட். நம் `vat.py` முழுவதும் 40 பைட் கூட இல்லை, ஆகவே ஒரே பக்கத்துக்குள் அடங்கிவிடும். Ctrl+S அழுத்தும்போது எடிட்டர் தன் எழுத்துகளைக் கெர்னலிடம் கொடுக்கிறது. கெர்னல் அவற்றைத் தன் பக்கத்தில் பிரதியெடுத்து, "இது இன்னும் டிஸ்க்கில் எழுதப்படவில்லை" என்று குறித்துக்கொள்கிறது. அந்த நொடியிலிருந்து `vat.py` என்று யார் கேட்டாலும் புதியதுதான் கிடைக்கும், டிஸ்க் இன்னும் அசையாவிட்டாலும் கூட. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், அப்படிக் குறித்த பக்கம் டிஸ்க்கில் எழுதப்படச் சுமார் 30 விநாடி வரை ஆகலாம். அதற்குள் கரண்ட் போனால் சேமித்ததும் தொலையலாம். அதனால் கவனமாக எழுதப்பட்ட எடிட்டர்கள் சேமித்த கையோடு `fsync` என்ற அழைப்பை விடுத்து, இப்போதே டிஸ்க்கில் எழுது என்று கெர்னலைக் கேட்டுக்கொள்கின்றன.

மாணவியின் கோப்பில் மாறியது என்ன? ஒரே ஒரு பைட். '4' என்ற எழுத்தின் குறியெண் 52, '5' என்பதன் குறியெண் 53. எடிட்டரின் இடத்தில் 53, கெர்னலின் பக்கத்தில் 52. பைத்தான் கேட்டது கெர்னலை, அதனால் கிடைத்தது 52, விடை `28.0`.

சரி, கரண்ட் போனபோது ரேமில் இருந்த எல்லாமே அழிந்திருக்க வேண்டும், எடிட்டரின் 53 உட்பட. அது எப்படித் திரும்பி வந்தது? அவர் பயன்படுத்துவது விஎஸ் கோட். சேமிக்காத மாற்றங்களை அது நீங்கள் தட்டத் தட்ட, தன் சொந்தக் கோப்புறையில் வேறு பெயரில் எழுதி வைத்துக்கொள்ளும். லினக்ஸில் `~/.config/Code/Backups` என்ற இடத்தில் இதைப் பார்க்கலாம். மீண்டும் திறக்கும்போது அந்தப் பிரதியை எடுத்துத் திரையில் காட்டும். `vat.py`யை அது தொடவே இல்லை. மூடித் திறந்தும் எழுத்து இருக்கிறதே, அப்படியானால் சேமித்தாகிவிட்டது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. அந்த ஊகம் இங்கே தப்பு. லோட் ஷெட்டிங்கோடு வருடக்கணக்கில் வாழ்ந்த நமக்கு இந்த வசதி பெரிய உதவி, ஆனால் இந்த மயக்கமும் அதோடு சேர்ந்தே வருகிறது. தாவலில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் மூடும் குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளி இருந்தால், அது சேமிக்காத கோப்பு.

எதற்கெடுத்தாலும் அணைத்துப் போடு என்பது நம் ஊரில் ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. பல நேரம் அது பலிப்பதால் எல்லாவற்றுக்கும் பலிக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அணைத்துப் போட்டால் ரேமில் இருப்பது போகும், டிஸ்க்கில் இருப்பது போகாது. இங்கே பழைய 14 இருந்ததே டிஸ்க்கில். பைத்தானை மறுபடி நிறுவினாலும் அது படிப்பது அதே கோப்பைத்தான்.

இந்த மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் பள்ளியில் அவர் பழகியது வேறு. இங்கே பல பள்ளிகளில் டெல்ஃபியில்தான் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். டெல்ஃபியில் எடிட்டரும் கம்பைலரும் ஒரே நிரலுக்குள் இருப்பவை. ஓட்டு என்றதும் கம்பைலர் எடிட்டரின் இடத்தில் உள்ள எழுத்தையே எடுத்துக்கொள்ளும், சேமிக்காவிட்டாலும் புது விடைதான் வரும். பைத்தானோடு வரும் ஐடில் எடிட்டரோ, முதலில் சேமிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டும். எடிட்டர் ஒரு பக்கம், டெர்மினல் ஒரு பக்கம் என்று வைத்து வேலை செய்யும்போதுதான் எந்த எச்சரிக்கையும் வராது. பாடத்திட்டத்தில் லூப்களுக்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறவர்கள், ஒரு கோப்பு எங்கே எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வகுப்பாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சந்தேகம் வந்தால் கெர்னலிடம் என்ன இருக்கிறது என்று நேரடியாகக் கேட்டுவிடலாம். எடிட்டரைப் பார்க்காமல் டெர்மினலில் இதைத் தட்டுங்கள்:

```
cat vat.py
```

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் `cat` என்பதற்குப் பதிலாக `type`. அதில் 14 என்று வந்தால் பெரும்பாலும் நீங்கள் சேமிக்கவில்லை. சேமித்த பிறகும் 14 என்றே வந்தால், நீங்கள் ஓட்டுவது எடிட்டரில் திறந்திருக்கும் அதே கோப்பைத்தானா என்று பார்க்க வேண்டும். பதிவிறக்கக் கோப்புறையில் ஒரு `vat.py`, ஆவணக் கோப்புறையில் ஒன்று என்று இருப்பது சகஜம். அதற்கு ஒரு சோதனை உண்டு. முதல் வரியில் வேண்டுமென்றே `))))` என்று எழுதிச் சேமித்துவிட்டு, அதே கட்டளையால் ஓட்டுங்கள். பைத்தான் `SyntaxError` என்று நின்றால் இரண்டும் ஒரே கோப்பு. எதுவுமே நடக்காதது போல `28.0` வந்தால், நீங்கள் திருத்திக்கொண்டிருப்பது வேறொரு கோப்பு.