இரண்டாவது பாட்டிலை விற்றது யார்?

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் சமூக ஊடகத்தில் விளம்பரம் காட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ரிப்போர்ட் எப்போதுமே பிரமாதமாக இருக்கும். புது ஆட்களைத் தேடிப் போகும் விளம்பரத்தைவிடச் செலவு குறைவு, விற்பனை அதிகம். அதைப் பார்த்துவிட்டு இன்னும் பணம் போடுவோம். ஆனால் பொருள் பிடித்துப்போனவர் எப்படியும் திரும்ப வாங்கத்தான் போகிறார். வழியில் அவர் கண்ணில் நம் விளம்பரம் பட்டிருந்தால் அந்த விற்பனையைத் தளம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மெட்டாவில் பெரும்பாலும் இருக்கும் அமைப்பு இதுதான்: விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்து 1 நாளுக்குள்ளோ ஒருவர் வாங்கினால் விற்றது விளம்பரம்.

ஈபே நிறுவனத்தின் தேடல் விளம்பரங்களை வைத்து பிளேக், நாஸ்கோ, டாடெலிஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில பகுதிகளில் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மற்ற பகுதிகளில் தொடர்ந்து ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டார்கள். புதியவர்களும் எப்போதாவது வாங்குகிறவர்களும் விளம்பரத்தால் கொஞ்சம் அசைந்தார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களிடம் அது மாற்றம் எதையும் செய்யவில்லை, ஆனால் செலவில் பெரும்பகுதி போனது அவர்கள் மேல்தான். அது தேடல் விளம்பரம், நாம் பேசுவது சமூக ஊடகம், ஆனாலும் பொறி ஒன்றேதான்.

அப்படியானால் ஏற்கெனவே வாங்கியவர்களை மறுபடி வாங்க வைக்கச் சமூக ஊடகத்தால் முடியவே முடியாதா? முடியும். இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எப்போது பேசுவது, பேசியதால் எவ்வளவு கூடியது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 200 மில்லி சரும லோஷன் விற்கிறோம். தினம் 4 மில்லி வீதம் பூசினால் ஒரு பாட்டில் 50 நாள் வரும். ஆர்டர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் முதல் ஆர்டருக்கும் இரண்டாவதுக்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள். இங்கே பலரும் ஒரு தவறு செய்வார்கள். போன மாதம் முதல்முறை வாங்கியவர்களையும் சேர்த்துக்கொண்டால், அவர்களில் சீக்கிரம் திரும்பியவர்கள் மட்டும்தான் கணக்கில் வருவார்கள், மெதுவாகத் திரும்பப் போகிறவர்களுக்கு இன்னும் நேரமே வந்திருக்காது. அதனால் இடைவெளி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். முதல் ஆர்டர் முடிந்து 180 நாளாவது ஆனவர்களை மட்டும் எடுங்கள். அப்படி எடுத்ததில் 28% பேர் திரும்பியிருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் 62-ஆம் நாளுக்குள் வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

50 நாளில் தீர வேண்டியது, வாங்குவது 62-இல். அந்த 12 நாளில் சிலருக்குப் பாட்டில் தீர்ந்து மறந்துபோயிருக்கும், சிலர் நடுவில் பூசாமல் விட்டிருப்பார்கள். திரும்பாத 72% பேரில் சிலரிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாட்டில் தீராதவரிடம் ‘மறுபடி வாங்குங்கள்’ என்று எத்தனை முறை சொன்னாலும் பலன் இல்லை. அவருக்கு 5-ஆம் நாளிலிருந்து 20-ஆம் நாள்வரை வேண்டியது வேறு: குளித்ததும் ஈரம் காய்வதற்குள் பூசினால் ஏன் நல்லது, எவ்வளவு எடுக்க வேண்டும், பிசுபிசுத்தால் என்ன செய்வது என்று காட்டும் சின்ன வீடியோக்கள். பொருளைப் பயன்படுத்த வைப்பதுதான் மறுபடி வாங்க வைப்பதன் முதல் பாதி என்பது என் திடமான எண்ணம், ரொம்பப் பேர் கைவிடுவதும் இதைத்தான். அப்புறம் 45-இலிருந்து 65-ஆம் நாள்வரை, தீரப்போகிறதா என்று ஒரு நினைவூட்டல். அதில் தள்ளுபடி வேண்டாம். முழு விலைக்கு வாங்க இருந்தவரையும் அது காத்திருக்கப் பழக்கிவிடும்.

இதைச் செய்ய வாடிக்கையாளர் பட்டியலைக் கஸ்டம் ஆடியன்ஸாக விளம்பரக் கணக்கில் ஏற்ற வேண்டும், அதற்குச் சம்மதித்தவர்களை மட்டும். போன் எண்ணில் நாட்டுக் குறியீடு இல்லாவிட்டால் பலர் தளத்திலுள்ள கணக்குகளோடு பொருந்தாமல் போவார்கள், எல்லாம் சரியாக இருந்தாலும் முழுப் பட்டியலும் பொருந்தாது. பட்டியலைத் தினமும் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் நேற்று இரண்டாவது பாட்டில் வாங்கியவருக்கு இன்று ‘தீர்ந்துவிட்டதா?’ என்று போகும்.

சரி, பலன் இருந்ததா என்று எப்படித் தெரியும்? புதிதாக வாங்கும் ஒவ்வொருவரையும் முதல் நாளே குலுக்கல் முறையில் இரண்டு குழுவில் ஒன்றில் போடுங்கள். முதல் குழுவுக்கு இந்த விளம்பரங்கள் போகும், இரண்டாவதுக்குப் போகாது. மற்ற எல்லாம், புது ஆட்களுக்கான விளம்பரம் உட்பட, இருவருக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். குழுவுக்கு 2,000 பேர் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் 120 நாள் ஆனதும் எண்ணுகிறோம். விளம்பரம் போன குழுவில் 620 பேர் (31%) திரும்பியிருக்கிறார்கள், போகாததில் 560 பேர் (28%). கூடியது 60 பேர். தளத்தின் ரிப்போர்ட்டோ 410 விற்பனை என்று சொல்கிறது. அப்படியானால் கூடுதலாக வந்த ஒருவருக்கு ஆன செலவு, ரிப்போர்ட் காட்டுவதைப்போல ஏறக்குறைய 7 மடங்கு. இதற்குப் பிறகும் லாபம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒப்பிடும்போது முழுக் குழுவையும் எண்ண வேண்டும். ‘விளம்பரத்தைப் பார்த்தவர்கள்’ என்று பிரித்தெடுத்தால் தளத்தில் அதிக நேரம் செலவிடுகிறவர்களையே பொறுக்கி எடுத்ததாகிவிடும், அவர்கள் வாங்கும் பழக்கமே வேறாக இருக்கலாம். அந்த 60 என்பதும் கல்லில் செதுக்கிய எண் கிடையாது. இந்த அளவுக் குழுக்களில் தற்செயலால் வரும் ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை 4-லிருந்து 116-க்குள் எங்கும் இருக்கலாம். குழுவுக்கு 300 பேரை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்தால் 3% வித்தியாசம் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. மாதம் 50 பேர் மட்டும் வாங்கும் கடை இதில் இறங்காமல், நேரத்தை அந்த வீடியோக்களில் போடுவதே மேல். பக்கத்தில் சாதாரணமாகப் போடும் பதிவுகளையும் இப்படி அளக்க முடியாது, யார் பார்க்கலாம் யார் பார்க்கக் கூடாது என்று அங்கே குலுக்கிப் பிரிக்க வழியில்லை.

இனி வாழ்நாள் மதிப்பு, அதாவது ஒரு வாடிக்கையாளர் காலப்போக்கில் நம்மிடம் மொத்தமாக வாங்குவதன் மதிப்பு. இரண்டு முறை வாங்கியவர்கள் சராசரியாக இன்னும் 3 பாட்டில் வாங்குகிறார்கள் என்று பழைய கணக்கு காட்டினால், 60-ஐ 3-ஆல் பெருக்கி 180 என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்தச் சராசரி தானாகத் திரும்பியவர்களுடையது. தானாக வருகிறவர்களுக்குப் பொருள் ஏற்கெனவே பிடித்திருக்கிறது, அதனால் மூன்றாவதும் வாங்குகிறார்கள். தூண்டிவிட்டு வந்த 60 பேர் அவர்களைப்போல இருப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இன்னொன்று, அவர்களில் சிலர் 150-ஆம் நாளில் வாங்க இருந்ததை 60-ஆம் நாளுக்கு முன்னுக்கு இழுத்திருப்போம், புதிதாக எதுவும் விற்றிருக்க மாட்டோம்.

அதனால் அதே இரண்டு குழுக்களையும் கலைக்காமல் 240 நாள்வரை வைத்திருங்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதற்குப் பதிலாக ஒவ்வொரு குழுவும் மொத்தம் எத்தனை பாட்டில் வாங்கியது என்று எண்ணுங்கள். 120-ஆம் நாளில் இருந்த வித்தியாசம் 240-இல் சுருங்கிப்போனால் நாம் செய்தது முன்னுக்கு இழுத்தது மட்டும்தான். அப்படியே நின்றால் ஆளுக்கு ஒரு பாட்டில் கூடுதலாக விற்றிருக்கிறோம், அவ்வளவுதான். அது தற்செயலின் அளவைத் தாண்டி விரிந்திருந்தால் மட்டும் வாழ்நாள் மதிப்பு கூடியது என்று கணக்கில் எழுதலாம்.