‘இதுக்கு ஒரு ரிப்ளை போட்டுடுங்க’

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கட்சிக்காரர் ஒருவர் மாதக் கடைசியில், 29-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு மெயிலை ஒட்டி அனுப்பினார். அடியில் ஒரே வரி: “இதுக்கு ஒரு ரிப்ளை போட்டுடுங்க வக்கீல் சார்.”

மெயில் ஐரோப்பிய வாடிக்கையாளருடையது. 12,000 டீ-ஷர்ட்டுக்கு இவர் ஒன்றுக்கு 3.10 டாலர் கேட்டிருந்தார். அவர்கள் 2.85-க்குத் தந்தால் ஆர்டர் உறுதி, 30-ஆம் தேதி மாலைக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சரி என்பதா, முடியாது என்பதா, தள்ளிப்போடுவதா? ஒட்டியவர் எதுவும் சொல்லவில்லை. அவர் மனதில் பதில் தெளிவாக இருந்ததால், எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

என் ஜூனியர் ஐந்து நிமிடத்தில் ஒரு வரைவு எழுதிவிட்டார். ‘விலை விவரம் குறித்துக்கொண்டோம், நன்றி, பணிகளைத் தொடங்குகிறோம்’ என்பது அதன் சாரம். மரியாதையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தாலே கை தானாகச் சம்மதத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அலுவலக ஆங்கிலத்தின் பணிவான சொற்களில் பாதி ‘ஆமாம்’ போலத்தான் ஒலிக்கும். அந்த வரைவு போயிருந்தால் 25 சென்ட் வீதம் 3,000 டாலர் அங்கேயே போயிருக்கும்.

‘மெயில்தானே, கையெழுத்தா போட்டோம்’ என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், 2007 அக்டோபரில் பாக்சைட் சப்ளைக்கு மெயிலில் ஒரு விலை வந்தது. மறுநாளே மெயிலில் சம்மதம் போனது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்று வேதாந்தா பின்னால் வாதிட்டது. முக்கிய நிபந்தனைகளில் உடன்பாடு வந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜூனியரின் வரைவை நிறுத்திவிட்டுக் கட்சிக்காரரை அழைத்தேன். “என்ன பதில் சொல்லட்டும்?” என்று கேட்டால் “நீங்களே பாத்து எழுதுங்க” என்பார். அதனால் கேள்வியைக் குறுக்கினேன். “2.85-க்கு நாளைக்கே ஆர்டர் வந்தா எடுப்பீங்களா?”

“ஐயோ, கட்டாதுங்க. ஆனா ஆர்டரை விட முடியாதுங்க. ஒண்ணாந்தேதி மில்லுக்காரங்க நூல் விலை சொல்லுவாங்க, அதைப் பாத்துட்டுத்தானுங்க எதையும் சொல்ல முடியும்.”

ஆக, அவருக்கு வேண்டியது அவகாசம். அதை எழுதுவதுதான் மூன்றிலும் கடினம். ஒருவர் முன்வைக்கும் விலையைச் சட்டத்தில் முனைவு என்பார்கள். ‘2.85 முடியாது, 3.00 தாருங்கள்’ என்று எழுதினால் அது மறுமுனைவு, அதாவது நம் பக்கத்திலிருந்து போகும் புதிய முனைவு. அவர்கள் முன்வைத்த 2.85 அத்தோடு செத்துவிடும். பிறகு நூல் விலை இறங்கி, இவரே 2.85-க்குச் சம்மதித்தாலும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. (அவர்கள் 2.85 கேட்டபோதே இவருடைய 3.10-க்கும் அதே கதிதான்.) சும்மா இருந்தாலும் ஆபத்து. மௌனம் பொதுவாகச் சம்மதமாகாது என்பது உண்மைதான். ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, குறித்த கெடு முடிந்ததும் முனைவு காலாவதியாகிவிடும். எனவே, கெடுவுக்குள் போக வேண்டும். விலையைத் தொடக் கூடாது. கேள்வியாக இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முன் மூல மெயிலையே ஃபார்வர்டு செய்யச் சொன்னேன். ஒட்டும்போது தேதியும், யார் யாருக்கு நகல் போனது என்பதும், இணைப்பும் உதிர்ந்துவிடும். இணைப்பில், ஆர்டர் நிபந்தனைகளுக்கு அவர்கள் நாட்டுச் சட்டமே பொருந்தும் என்று ஒரு வரி இருந்தது. இங்கே சொன்ன பிரிவுகள் அங்கே அப்படியே எடுபடாமல் போகலாம். அதனால் சட்டத்தை நம்பாமல் சொற்களிலேயே எல்லாவற்றையும் அடைக்க வேண்டியிருந்தது.

போன மெயிலின் சாரம் இவ்வளவுதான்: ‘உங்கள் மெயில் கிடைத்தது. விலையைப் பரிசீலித்து வருகிறோம். இந்த மெயில் ஏற்பும் அல்ல, மறுப்பும் அல்ல. உங்கள் விலையை 3-ஆம் தேதி மாலை வரை திறந்து வைக்க இயலுமா? அதற்குள் உறுதியான பதில் தருகிறோம்.’ ‘விரைவில்’ என்று எழுத ஜூனியருக்கு ஆசை. தேதி போடாத ‘விரைவில்’ வந்தால் வாடிக்கையாளர் அடுத்த பனியன் கம்பெனியைக் கூப்பிடுவார்.

மறுநாள் மதியம் ‘3-ஆம் தேதி வரை சரி’ என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அது வராமல் இருந்திருந்தால், நாம் கேட்டதாலேயே கெடு நீண்டுவிடாது. மாலைக்குள் கட்சிக்காரர் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டியிருந்திருக்கும்.

ஒன்றாம் தேதி நூல் விலை பார்த்துவிட்டு 2.98 கேட்டார். “இதுக்கு முடியாதுன்னு எழுதி, 2.98 சொல்லுங்க சார்” என்று இந்த முறை முழு வாக்கியமாகவே அனுப்பியிருந்தார்.