ஆப்ஷனைப் போட்டுப் பார்க்கிறீர்களா? x = 1-ல் மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள்

மண்டபத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு எடுக்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளியில் இருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். பலருக்கு வீட்டில் படகு வேலையோ கருவாட்டு வேலையோ இருக்கும், உட்கார்ந்து போட்டுப் பழகக் கிடைக்கிற நேரம் குறைவு. அதனால் "தீர்க்கவே வேண்டாம், நாலு ஆப்ஷனையும் சமன்பாட்டில் போட்டுப் பார், எது பொருந்துகிறதோ அதுதான் விடை" என்று யாராவது சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வழி நல்ல வழிதான், நானே சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அதை அரைகுறையாகச் செய்து தப்பான விடையை முழு நம்பிக்கையோடு குறித்துவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வகைக்கெழுச் சமன்பாட்டில் இந்த வழி ஏன் வேலை செய்கிறது என்றால், தீர்ப்பது கஷ்டம், சரிபார்ப்பது சுலபம். தீர்க்கத் தொகையிட வேண்டும், எந்த முறை என்று கண்டுபிடிக்க வேண்டும். சரிபார்க்க வகையிட்டால் போதும், வகையிடுவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். x(dy/dx) + y = 3x², x = 1 எனும்போது y = 3. தீர்வு எது?

(1) y = x² + 2/x
(2) y = x² + 2x
(3) y = x² − 2x + 4
(4) y = x² + 1/x

வகுப்பில் இதைக் கொடுத்தால் முதலில் எல்லாரும் x = 1 என்று போடுவார்கள். (1)-ல் 3, (2)-ல் 3, (3)-லும் 3. (4) மட்டும் 2, அது போய்விட்டது. "சார், மூணும் வருது சார்" என்று ஒரு குரல் வரும். வரத்தான் செய்யும், ஏனென்றால் கேள்வி தயாரிக்கிறவருக்கும் நீங்கள் அங்கேதான் போடுவீர்கள் என்று தெரியும். தவறான விடைகளையும் தொடக்க நிபந்தனைக்குப் பொருந்துகிற மாதிரியே அமைப்பார். போதாததற்கு x = 1-ல் x, x², 1/x எல்லாமே 1 ஆகிவிடுகிறது, வேறுபாடே தெரியாது.

அடுத்து சாய்வு. x = 1, y = 3 என்று சமன்பாட்டில் போட்டால் dy/dx + 3 = 3, அதாவது அந்தப் புள்ளியில் சாய்வு 0 ஆக இருக்க வேண்டும். (1)-ஐ வகையிட்டால் 2x − 2/x², x = 1-ல் 0. சரி. (2)-ல் 2x + 2, அது 4. தவறு. (3)-ல் 2x − 2, அதுவும் 0! இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். மூன்றாவது ஆப்ஷன் பார்க்க எளிமையாக இருக்கிறது, பின்னம் இல்லை, மதிப்பும் வருகிறது, சாய்வும் வருகிறது, அதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

இன்னொரு புள்ளியில் போட்டால் குட்டு உடைந்துவிடும். x = 2 எடுங்கள். வலப்பக்கம் 3x² = 12. (3)-ல் y = 4, dy/dx = 2, இடப்பக்கம் 2 × 2 + 4 = 8. பொருந்தவில்லை. (1)-ல் y = 5, dy/dx = 4 − 1/2 = 3.5, இடப்பக்கம் 2 × 3.5 + 5 = 12. முடிந்தது.

இதில் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: ஒரு புள்ளியில் பொருந்தவில்லை என்றால் அந்த விடை தவறு என்பது உறுதி, ஆனால் ஒரு புள்ளியில் பொருந்துகிறது என்பதால் அது சரி என்று ஆகிவிடாது. சமன்பாடு எல்லா x-க்கும் உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே எண் போட்டுப் பார்ப்பது மூன்றைக் கழித்துக்கட்டுவதற்கு. ஒன்றே ஒன்று மிஞ்சுகிற வரை வேறு புள்ளி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது மிஞ்சியதை x-ஐ x ஆகவே வைத்து முழுசாகப் போட்டுப் பார்க்க வேண்டும். (1)-க்கு அப்படிச் செய்தால் x(2x − 2/x²) + x² + 2/x, அது 2x² − 2/x + x² + 2/x, அதாவது 3x². ஒரு வரிதான். "இவற்றில் ஏதுமில்லை" என்று ஓர் ஆப்ஷன் இருந்தால் இந்த ஒரு வரியைத் தவிர்க்கவே முடியாது, ஏனென்றால் மற்ற இரண்டையும் அடித்துவிட்டாலும் மிஞ்சியது சரிதான் என்று சொல்ல அப்போது ஆதாரம் இல்லை.

நாலாவது ஆப்ஷனையும் ஒருமுறை பாருங்கள். y = x² + 1/x-ஐ சமன்பாட்டில் முழுசாகப் போட்டால் அதுவும் 3x² தருகிறது! சமன்பாட்டுக்கு அது தீர்வுதான், நிபந்தனைக்குத்தான் பொருந்தவில்லை. பொதுத் தீர்வு y = x² + C/x, நம் கேள்விக்கு C = 2, அந்த ஆப்ஷனில் C = 1. நிபந்தனையைப் பார்க்காமல் சமன்பாட்டில் மட்டும் போடுகிறவர் (1)-க்கும் (4)-க்கும் நடுவே முழித்துக்கொண்டு நிற்பார். முதலில் நிபந்தனை, பிறகு வேறொரு புள்ளி, இந்த வரிசையில் போனால் அந்தக் குழப்பம் வராது.

(இடப்பக்கம் d(xy)/dx என்று பார்த்த உடனே தெரிந்தவர் இவ்வளவு தூரம் வர வேண்டியதே இல்லை. xy = x³ + C என்று எழுதி நகர்ந்துவிடலாம். தெரிகிற கணக்கை நேராகத் தீர்ப்பதே வேகம்.)

பொதுத் தீர்வு கேட்கிற கேள்வியில் சிக்கல் வேறு மாதிரி. 2xy(dy/dx) = x² + y², இதன் பொதுத் தீர்வு எது? x² − y² = Cx, x² + y² = Cx, x² − y² = Cy, y = x என்று நாலு விடைகள். இங்கே y தனியாக இல்லை, C வேறு குறுக்கே நிற்கிறது, எங்கே போடுவது என்று தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். C-ஐத் தனியாக ஒரு பக்கம் கொண்டுவந்துவிட்டு வகையிடுங்கள், அது காணாமல் போய்விடும். முதல் விடையில் x − y²/x = C. வகையிட்டால் 1 − (2xy(dy/dx) − y²)/x² = 0. x²-ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் 2xy(dy/dx) = x² + y², கேள்வியில் இருக்கிற அதே சமன்பாடு. இரண்டாவது விடையை இதேபோல் செய்தால் 2xy(dy/dx) = y² − x² என்று குறி மாறி வரும். மூன்றாவதில் 2xy தலைகீழாக மறுபக்கம் போய்விடும்.

ஆனால் y = x இருக்கிறதே, அதைப் போட்டுப் பாருங்கள். dy/dx = 1, இடப்பக்கம் 2x², வலப்பக்கமும் 2x². கச்சிதமாகப் பொருந்துகிறது, அதுவும் மற்றவற்றைவிட எளிதாக! அவசரத்தில் இருக்கிற பிள்ளை எளிதானதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கும், பொருந்தியதும் குறித்துவிடும். கேள்வி கேட்டது பொதுத் தீர்வை. முதல் வரிசைச் சமன்பாட்டின் பொதுத் தீர்வில் மாறத்தக்க மாறிலி ஒன்று இருந்தாக வேண்டும், இரண்டாம் வரிசை என்றால் இரண்டு. y = x என்பது C = 0 எடுத்தால் கிடைக்கிற ஒரு சிறப்புத் தீர்வு, அவ்வளவுதான். ஆகவே எதையும் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் வரிசையைப் பார்த்து, ஆப்ஷன்களில் மாறிலிகளை எண்ணிவிடுங்கள். சில கேள்விகளில் அதிலேயே இரண்டு விடைகள் கழிந்துவிடும்.

அப்புறம் பரப்பு. "பரப்புக் கணக்குலயும் ஆப்ஷனைப் போட்டுப் பாக்கலாமா சார்" என்று கேட்கிறார்கள். விடை வெறும் எண்ணாக இருந்தால் அதை எந்தச் சமன்பாட்டில் போடுவது? போட இடமில்லை. அங்கே செய்ய வேண்டியது படம் வரைந்து, அந்தப் பரப்பு எதற்கும் எதற்கும் இடையில் இருக்கும் என்று பார்ப்பது. y = x² என்ற பரவளையத்துக்கும் y = x + 2 என்ற கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பு 9/2, 15/2, 3, 21/2 இவற்றில் எது? வெட்டுப் புள்ளிகள் x = −1, x = 2, அகலம் 3. கோட்டுக்கும் வளைவரைக்கும் உள்ள செங்குத்து இடைவெளி x + 2 − x², அது நடுவில், x = 1/2-ல், மிக அதிகம்: 2.25. அகலத்தை இந்த இடைவெளியால் பெருக்கினால் 6.75, பரப்பு அதைத் தாண்டாது. அதில் பாதி 3.375, இடைவெளி நடுவில் உப்பி இருப்பதால் அதற்குக் கீழேயும் போகாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது 9/2 மட்டும்.

மற்ற மூன்று எண்களும் சும்மா வந்தவை அல்ல. கோட்டுக்குக் கீழே மட்டும் தொகையிட்டால் 15/2, பரவளையத்துக்குக் கீழே மட்டும் என்றால் 3, கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 21/2. நீங்கள் பாதியில் நிறுத்தினாலும் குறியைத் தவறவிட்டாலும் உங்கள் விடை ஆப்ஷனில் இருக்கும். "விடை ஆப்ஷன்ல இருக்கு சார், அப்ப சரிதானே" என்பது அதனால்தான் எடுபடாது. பொது நுழைவுத் தேர்வான JEE Main-ல் இப்படிக் குறித்த தவறுக்கு ஒரு மதிப்பெண் கையிலிருந்து போகும். பிளஸ் டூ தேர்வில் கழிவு கிடையாது, ஆனால் அங்கே ஒரு மதிப்பெண் கேள்விகளே 20 இருக்கின்றன.

இந்த இடைவெளி முறைக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தெரியாமல் பயன்படுத்தினால் ஆபத்து. "பாதிக்குக் கீழே போகாது" என்பது வளைவு வெளிப்பக்கம் உப்பியிருந்தால் மட்டும்தான். y = sin x, x = 0 முதல் 2π வரை, x அச்சோடு சேர்ந்த பரப்பு கேட்டால் தொகையீடு 0 தரும், ஏனென்றால் மேலே உள்ள பகுதியும் கீழே உள்ள பகுதியும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. படம் வரைந்தால் இரண்டு உப்பிய பகுதிகள், ஒவ்வொன்றும் அகலம் 3.14, உயரம் 1, பரப்பு 1.57-க்கும் 3.14-க்கும் நடுவே. மொத்தம் 3.14-க்கும் 6.28-க்கும் நடுவே, 0, 2, 4, 8 என்று கொடுத்தால் 4 தான். ஆனால் y = x², x அச்சு, x = 3 என்று கேட்டால் வளைவரை உள்பக்கம் குழிந்து போகிறது. செவ்வகம் 3 × 9 = 27, அதில் பாதி 13.5, உண்மையான பரப்பு 9. இங்கே பாதி என்பது கீழ் எல்லை இல்லை, மேல் எல்லை. படத்தில் (0, 0)-யையும் (3, 9)-யையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள், வளைவரை அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தால் பரப்பு 13.5-ஐவிடக் குறைவு, 27/2 என்ற ஆப்ஷனைத் தயங்காமல் அடித்துவிடலாம்.